முகாமுக்கு அழைக்கும் பிள்ளையை மற்ற நாளில் வாசலில் நிறுத்தாதீர்கள்

தலசீமியா பகல்நேரச் சிகிச்சை மையத்தின் மருத்துவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பெற்றோர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

உங்கள் மையத்தின் பலகையில் இப்போது இரண்டு அறிவிப்புகள் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருக்கின்றன. ரத்தம் ஏற்ற வரும் குழந்தையோடு ஒருவர் மட்டுமே உள்ளே வரலாம், மற்ற பிள்ளைகளை அழைத்து வரக் கூடாது என்கிறது ஒன்று. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்துமா என்று பார்க்க அடுத்த மாதம் நடக்கும் எச்.எல்.ஏ. பரிசோதனை முகாமுக்கு, நோய் இல்லாத அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளைத் தவறாமல் அழைத்து வாருங்கள் என்கிறது மற்றொன்று. அந்த இரண்டாவது அறிவிப்பில் பெற்றோருக்கு ஆலோசனை உண்டு, மதிய உணவு உண்டு, பேருந்துக் கட்டணம்கூட உண்டு. பரிசோதனைக்கு உட்காரப்போகும் பிள்ளையிடம் யார் பேசுவார்கள், என்ன சொல்வார்கள் என்று ஒரு வரி இல்லை.

இதைப் படித்துவிட்டுச் சும்மா போக என்னால் முடியவில்லை. என் தம்பிக்குத் தலசீமியா மேஜர்; போதுமான ரத்தம் அவன் உடம்பில் தானாக ஊறாது, வெளியிலிருந்து ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவன் குழந்தையாக இருந்த நாள் முதல் உங்களிடம்தான் வருகிறான். இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நான் அவனுக்கு மூத்தவள், ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. என் நான்காம் வகுப்பில் இருக்கும் ஒரு சிறுமியின் தம்பியும் உங்களிடம்தான் ரத்தம் ஏற்றிக்கொள்கிறான். முகாமுக்கு அவளும் வரப்போகிறாள். போன வாரம் மதிய இடைவேளையில் என்னிடம் வந்து, “டீச்சர், என் ரத்தம் தம்பிக்குச் சேரலைன்னா அம்மா அழுவாங்களா?” என்று கேட்டாள். அவளிடம் யாரும் எதையும் விளக்கவில்லை. பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு, எல்லாம் தன் கையில்தான் இருக்கிறது என்று அவளாகவே முடிவு கட்டியிருக்கிறாள்.

அந்த வயதில் நானும் அப்படித்தான் முடிவு கட்டினேன். என் கையிலிருந்து ஒரு சிறு குழாயில் ரத்தம் எடுத்தார்கள். எதற்கு என்று கேட்டதற்கு, “தம்பிக்கு நல்லதுக்குத்தான், கண்ணை மூடிக்கோ” என்றார்கள். சில வாரங்கள் கழித்து அப்பா ஒரு காகிதத்தோடு வந்தார். “பாதிதான் பொருந்துதாம்” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பின்வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். யாரும் என்னைத் திட்டவில்லை. யாரும் என்னிடம் எதுவும் சொல்லவும் இல்லை. நான் பாதிதான் நல்ல அக்கா என்று அந்தக் காகிதம் சொல்வதாகவே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு என்ன விளக்கம் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒரு பிள்ளைக்குப் புரியும்படி எவ்வளவு எளிதாகச் சொல்லலாம் என்று காட்டவே எழுதுகிறேன். அம்மாவிடம் இரண்டு சீட்டு, அப்பாவிடம் இரண்டு சீட்டு. ஒவ்வொரு குழந்தை பிறக்கும்போதும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று, பார்க்காமல் எடுத்துக் கொடுக்கப்படுகிறது. உனக்கும் தம்பிக்கும் அதே இரண்டு சீட்டும் வந்திருந்தால் முழுப் பொருத்தம். அப்படி வர நாலில் ஒரு வாய்ப்பு. ஒரு சீட்டு மட்டும் ஒன்றாக இருக்க நாலில் இரண்டு. இரண்டுமே வேறாக இருக்க நாலில் ஒன்று. நீ பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன விஷயம் இது; நீ என்ன செய்தாய், தம்பியோடு சண்டை போட்டாயா, சாப்பிட்டாயா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இவ்வளவுதான். என் வகுப்புச் சிறுமிக்குக் கரும்பலகையில் நாலு கட்டம் போட்டு இதைச் சொல்லி முடிக்க ஒரு இடைவேளை போதுமானதாக இருந்தது. சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்: “அப்ப பெரும்பாலும் சேராதுதானே டீச்சர்?” ஆமாம் என்றேன். பெருமூச்சு விட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். உங்கள் முகாமில் குச்சியால் கன்னத்துக்குள் தடவுவதற்கு முன்பு இதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

வீட்டில் என்ன நடக்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது எங்கள் குடும்ப விஷயம் மட்டும் அல்ல. எங்கள் வீட்டின் நேரமெல்லாம் உங்கள் சிகிச்சை அட்டவணையைச் சுற்றித்தான் ஓடியது.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம். அதற்கு முந்தைய நாளே கிராஸ் மேட்ச்சுக்கு மாதிரி கொடுக்க வேண்டும். ரத்த வங்கியில் அந்த வகை இல்லையென்றால் அப்பா தெரிந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு ஆள் தேட வேண்டும். ஏற்றும் நாளில் விடியற்காலை பேருந்து. ஒரு பை இறங்கவே மூன்று நான்கு மணி நேரம். நடுவில் குளிர்க்காய்ச்சல் வந்தால் நிறுத்தி, ஊசி போட்டு, மறுபடி தொடங்க வேண்டும். வீடு திரும்ப இரவாகிவிடும். அந்த நாட்களில் நான் அத்தை வீட்டில் இருப்பேன். ஹீமோகுளோபின் குறையக் குறையத் தம்பி சோர்ந்து, எரிச்சலாகி, எதற்கெடுத்தாலும் அழுவான் என்பதால் ரத்தம் ஏற்றுவதற்கு முந்தைய வாரம் வீடு முழுக்க அவன் முகத்தைப் பார்த்துத்தான் நடக்கும். ஏற்றிய பிறகு வரும் முதல் வாரம்தான் எல்லோரும் கொஞ்சம் மூச்சு விடுவோம்.

இரவில் டெஸ்ஃபெரால் பம்ப். ரத்தம் ஏற்ற ஏற்ற உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றும் மருந்தை வயிற்றுத் தோலுக்கு அடியில் ஊசி குத்தி, எட்டு முதல் பத்து மணி நேரம் மெதுவாகச் செலுத்த வேண்டும். வாரத்தில் ஐந்து இரவுகள். ஊசி நழுவாமல் பார்த்துக்கொள்ள அம்மா அவன் பக்கத்திலேயே படுப்பார். நான் பாட்டியோடு. பிறகு தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மாத்திரை வந்தது, பெரிய நிம்மதி. ஆனால் அதை வெறும் வயிற்றில் குடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் சாப்பிட வேண்டும். அவன் மாத்திரை குடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் காலையில் வீட்டில் யாருக்கும் தோசை கிடையாது. நான் பள்ளிக்குப் பசியோடு போன காலைகள் உண்டு. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அடுப்படியில் நிற்கக்கூட ஆள் இருக்காது, அவ்வளவுதான்.

தெருவில் எல்லோருக்கும் என் தம்பியின் ஹீமோகுளோபின் தெரியும். “இந்த வாட்டி எட்டரையாமே” என்று மளிகைக் கடைக்காரர் வரை விசாரிப்பார்கள். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, அப்பா ஒரு உறவினரிடம் என்னை ஏழாவது என்று சொன்னார். நான் திருத்தவில்லை. காதில் சீழ் வந்து வலித்தபோதும் சொல்லவில்லை. துணி வைத்துத் துடைத்துக்கொண்டு இருந்தேன். இன்னொரு ஆஸ்பத்திரிச் செலவை எங்கள் வீடு தாங்காது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அம்மா அடிக்கடி சொல்லும் வார்த்தை, “நீயாவது நல்லா இருக்கியே, அது போதும்” என்பதுதான். அம்மா அன்போடுதான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போகவே உரிமை இல்லை என்று ஆகிவிடுகிறது.

என் அம்மா அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இருக்கும் இரண்டு கையில் அவர்கள் இவ்வளவு செய்ததே பெரிது. ஆனால் இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டுக்கு வெளியே இருந்து வீட்டைத் தொடர்ந்து பார்த்தவர்கள் நீங்கள் மட்டும்தான். ஒவ்வொரு முறையும் தம்பியின் எடை, உயரம், மண்ணீரல், ஃபெரிட்டின் எல்லாம் குறித்தீர்கள். “வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கிறாளே, அவள் எப்படி இருக்கிறாள்?” என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். நீங்கள் கேட்டால் அது மருத்துவர் கேட்ட கேள்வி. அன்று இரவே அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்திருப்பார்.

கேட்காமல் விட்டதில் மனசு மட்டும் இல்லை, உடம்பும் உண்டு. இதை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வளரும் வயதில் எனக்கு எப்போதும் சோர்வு. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு கண்ணை இழுத்துப் பார்த்து, ரத்தசோகை என்று எழுதியது. வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். கீரை, ஈரல், பேரீச்சம்பழம் சாப்பிடச் சொன்னார்கள். எங்கள் வீட்டிலோ தம்பிக்கு இரும்பு சேரக் கூடாது என்று அதெல்லாம் சமைப்பதையே நிறுத்தியிருந்தார்கள். நானும் கேட்கவில்லை. மாத்திரையை மட்டும் வருடக்கணக்கில் விழுங்கினேன். ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை என்று என்னைத்தான் சொன்னார்கள்.

ஆசிரியப் பயிற்சி முடித்த பிறகு, நானே ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போய்ப் பணம் கட்டிப் பார்த்தேன். ஹீமோகுளோபின் ஏ2 ஐந்து சதவீதத்துக்கு மேல். மூன்றரைக்கு மேல் இருந்தாலே சந்தேகப்பட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தலசீமியா மைனர்; அதாவது அம்மா அப்பாவில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்தக் குறை எனக்கு வந்திருக்கிறது. சிவப்பணுக்கள் சிறியதாக இருந்ததற்கும், ரத்தம் எப்போதும் கொஞ்சம் குறைவாகவே இருந்ததற்கும் அதுதான் காரணம். உடம்பில் இரும்பு போதுமான அளவு இருந்தது. மாத்திரையால் ஏறாததில் ஆச்சரியமே இல்லை.

இதில் புதிராக எதுவும் கிடையாது. அம்மாவும் அப்பாவும் மைனர் என்பது தம்பிக்கு நோய் தெரிந்த அன்றே உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட பெற்றோருக்குப் பிறந்து, நோய் இல்லாமல் இருக்கும் பிள்ளை மைனராக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. பள்ளி மருத்துவக் குழுவுக்கு என் தம்பியைத் தெரியாது. உங்களுக்கு எங்கள் இருவரையும் தெரியும். தம்பியின் கோப்பில் என் பெயர் இருந்தது, ‘சகோதரி, பாதிப் பொருத்தம்’ என்று. அதன் பக்கத்தில் ‘வயது வந்ததும் ஏ2 பார்க்கவும்’ என்று யாரும் எழுதவில்லை. எங்கள் பக்கம் அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் பெண் கொடுத்து எடுப்பது வழக்கம். எனக்கும் அப்படி ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவர் வீட்டில் பக்குவமாக எடுத்துச் சொல்லி, அவருக்கும் பரிசோதனை செய்து, இல்லை என்று வந்த பிறகுதான் மேற்கொண்டு பேசினோம். நானாகப் போய்ப் பார்க்காமல் இருந்திருந்தால், அவருக்கும் மைனராக இருந்திருந்தால், அடுத்த தலைமுறையிலும் உங்கள் மையத்துக்கு ஒரு கோப்பு திறந்திருக்கும்.

இனி, முகாமில் முழுப் பொருத்தம் என்று வரப்போகும் அந்தச் சில பிள்ளைகளைப் பற்றி. அவர்களுக்காகத்தான் எனக்கு அதிகக் கவலை. கோல் இந்தியா நிறுவனம் 2017-இல் தொடங்கிய தலசீமியா பால சேவைத் திட்டத்தில் மாற்று சிகிச்சைக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கிறது என்பதால், முன்பு கனவிலும் நினைக்க முடியாத குடும்பங்கள் இன்று எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் போகின்றன. அதில் எனக்கு முழு மகிழ்ச்சி. நான் கேட்பது, மஜ்ஜை கொடுக்கும் பிள்ளையை அப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை.

மயக்க மருந்து கொடுத்து, இடுப்பு எலும்பின் பின்புறத்தில் ஊசி குத்தி உறிஞ்சி எடுக்கிறார்கள். கொடுப்பவரின் எடையில் கிலோவுக்கு இருபது மில்லி வரை எடுக்கலாம் என்பது வழக்கமான உச்சவரம்பு. இருபது கிலோ எடையுள்ள குழந்தையிடம் நானூறு மில்லி வரை என்று அர்த்தம். சில நாள் இடுப்பு வலிக்கும், ரத்தம் குறையும், பிறகு தேறிவிடும். பெரிய ஆபத்து இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பிள்ளைக்கு ஓரிரு நாளில் டிஸ்சார்ஜ். மஜ்ஜையை வாங்கிக்கொண்ட பிள்ளையோ ஒரு மாதத்துக்கு மேல் தனி அறையில் இருக்கும். அம்மா அதோடு உள்ளே இருப்பார். அதற்குப் பிறகும் சில மாதம் மருத்துவமனைப் பக்கத்திலேயே வீடு எடுத்துத் தங்க வேண்டியிருக்கும். ஆக, தன் எலும்புக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்த குழந்தை, கொடுத்த கையோடு பாட்டி வீட்டுக்கு அனுப்பப்படுகிறது. அந்த மஜ்ஜையை உடம்பு ஏற்றுக்கொள்ளாமல் போனாலோ, தம்பிக்கோ தங்கைக்கோ வேறு ஏதாவது ஆகிவிட்டாலோ, அது தன் தப்பு என்று நினைக்காமல் அந்தக் குழந்தை எப்படி இருக்கும்?

இதைப் பற்றி உலகத்தில் யோசிக்காமல் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ், மஜ்ஜை கொடுக்கும் குழந்தைகளைப் பற்றி 2010-இல் ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டது. நோயாளிக்குச் சிகிச்சை செய்யும் குழுவைச் சேராத ஒருவர், கொடுக்கும் குழந்தையின் நலனை மட்டும் பார்க்க நியமிக்கப்பட வேண்டும் என்றும், வயதுக்கேற்ப விளக்கி அந்தக் குழந்தையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. 2015-இல் அங்கே குழந்தைப் புற்றுநோய்க்கு வகுத்த பதினைந்து உளவியல் சமூகப் பராமரிப்பு நெறிகளில், உடன்பிறந்தவர்களுக்கான ஆதரவு தனி ஒரு நெறியாகவே இருக்கிறது. நோய் வேறு, வீட்டில் நடப்பது ஒன்றுதான்.

உங்கள் பக்கமும் எனக்குப் புரிகிறது. பகல்நேர வார்டில் படுக்கைகள் நெருக்கம். மண்ணீரல் எடுத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். சளியோ காய்ச்சலோ உள்ள குழந்தை உள்ளே வந்தால் அவர்களுக்கு ஆபத்து. ஆனால் அந்த வார்டு மாற்று சிகிச்சைத் தனி அறை இல்லை. நாள் முழுக்கத் தண்ணீர் கேன் போடுபவரும், சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவரும் சித்தப்பாவும் அங்கே வந்து போகத்தான் செய்கிறார்கள். உடம்பு சரியாக இருக்கும் ஒரு அக்கா, தம்பியின் கட்டில் ஓரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவதில் கூடுதலாக என்ன கெட்டுவிடும்? நான் முதன்முதலாக உள்ளே வந்து பார்த்தது பன்னிரண்டாம் வகுப்பு விடுமுறையில். அதுவரை, மாதாமாதம் அவர்கள் என்னை விட்டுவிட்டு ஏதோ நல்ல இடத்துக்குப் போவதாகவே எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது. ஒரு சின்னப் பையன் நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்து வாங்கியதைப் பார்த்த பிறகு, தம்பி மேல் எனக்கிருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. அந்தக் காட்சியை நான் சில வருடம் முன்னாடியே பார்த்திருக்கலாம்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன்.

முகாமுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும், மாதிரி எடுப்பதற்கு முன்பு, பெற்றோர் பக்கத்தில் இல்லாமல் பத்து நிமிடம் பேச ஒருவரை உட்கார வையுங்கள். எதற்காக எடுக்கிறோம், பொருந்தாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம், அது யார் தப்பும் இல்லை என்று அவர்கள் மொழியில் சொல்லுங்கள். முடிவு வந்ததும் பெற்றோரிடம் காகிதத்தைக் கொடுத்து அனுப்பாமல், அந்தப் பிள்ளையையும் கூப்பிட்டு நேரில் சொல்லுங்கள். பொருந்தாத பிள்ளைக்குத்தான் இது முதலில் தேவை.

முழுப் பொருத்தம் என்று வந்தால், நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் இல்லாமல் வேறொரு மருத்துவர் கொடுக்கும் பிள்ளையைப் பரிசோதித்துப் பேச வேண்டும். மஜ்ஜை எடுத்த பிறகு குறைந்தது ஒரு வருடமாவது அந்தப் பிள்ளைக்குத் தனியாக மறுபரிசோதனைத் தேதி கொடுக்க வேண்டும், அதன் சொந்தப் பெயரில், சொந்தக் கோப்பில்.

நோய் இல்லாத உடன்பிறந்தவர்களுக்கு, விளக்கினால் புரிந்துகொள்ளும் வயது வந்ததும், அவர்கள் விருப்பத்தைக் கேட்டு ஏ2 பரிசோதனையை இலவசமாகச் செய்யுங்கள். அதற்கு முன்பே ஒரு பிள்ளைக்கு ரத்தம் குறைவு என்று பள்ளியில் சொன்னால், வீட்டில் தலசீமியா இருப்பதைத் தெரிவித்து, பள்ளி மருத்துவக் குழுவுக்குக் காட்ட ஒரு கடிதம் கொடுங்கள்.

‘மற்ற பிள்ளைகளை அழைத்து வரக் கூடாது’ என்ற அறிவிப்பை எடுத்துவிட்டு, காய்ச்சல், சளி இல்லாத உடன்பிறந்தவர்கள் குறிப்பிட்ட நேரத்தில் வந்து பார்க்கலாம் என்று மாற்றுங்கள். பள்ளி விடுமுறை நாட்களிலாவது இதைத் தொடங்கலாம்.

பெற்றோர் சங்கத்தினருக்கு ஒன்று. மாதக் கூட்டத்தில் மருந்து, ரத்தம், உதவித்தொகை, மாற்றுத்திறனாளி அட்டை எல்லாம் பேசுகிறோம். தலசீமியாவை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் சேர்த்த பிறகு அட்டை வாங்க எப்படி அலைந்தோம், எப்படி ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொண்டோம் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை, பக்கத்து அறையில், வீட்டிலிருக்கும் மற்ற பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். தம்பி மேல் கோபம் வருகிறது, பயமாக இருக்கிறது, பொறாமையாக இருக்கிறது என்று வீட்டில் சொல்ல முடியாததை அங்கே சொல்லட்டும். அவர்கள் சொல்வதைப் பெற்றோரிடம் கொண்டுபோய்ச் சேர்க்காத ஒருவர்தான் அதை நடத்த வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்க நான் தயார், ஊதியம் வேண்டாம்.

முகாமுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சிறுவர்களிடம் பேச ஆள் இல்லை என்பதுதான் தடை என்றால், என்னோடு வரச் சம்மதித்த இரண்டு ஆசிரியைகளின் பெயரையும் கைபேசி எண்ணையும் மைய அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். நாங்கள் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது என்று உங்கள் மருத்துவர் ஒருவர் முன்கூட்டியே ஒரு மணி நேரம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும். எந்த நாள் வரலாம் என்பதை முகாமுக்கு ஒரு வாரம் முன்பாவது எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மையத்தில் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் ஒருவனின் அக்கா